முதல் கஸ்டடி ரிப்போர்ட் எழுதப்போகிறவர்களுக்கு

எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவெண்ணும் வாங்கி ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் குடும்பநல நீதிமன்றத்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வரும். உள்ளே ஒரு பக்க உத்தரவு இருக்கும். பிரிந்து வாழும் கணவன் மனைவி, நடுவில் ஒரு குழந்தை, "பெற்றோர் இருவரையும் உளவியல் பரிசோதனை செய்து அறிக்கை தாக்கல் செய்யவும்" என்று ஒரு வரி, கீழே அடுத்த வாய்தா தேதி. கல்லூரியில் இதற்கென்று யாரும் நமக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சேலத்தில் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறவள் என்ற முறையில், நான் எப்படிச் செய்கிறேன் என்பதை ஒரு வழக்கை வைத்தே சொல்கிறேன். இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. நாலைந்து குடும்பங்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அம்மா ஏற்காட்டில், தன் தாயோடு இருக்கிறார். ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, ஏற்காட்டில்தான் படிக்கிறாள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு அம்மா குழந்தையைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இடைக்கால உத்தரவு. ஐந்து வாரம் அது நடந்தது. ஆறாவது வாரத்திலிருந்து குழந்தை போகமாட்டேன் என்று அழுகிறாள். அம்மா சொல்லிக்கொடுத்துக் கெடுக்கிறாள், அவளுக்கு மனநோய், மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அப்பாவின் மனு. அவர் குடிப்பார், பட்டறையில் ஆசிட் கிடக்கிறது, குழந்தை பயப்படுகிறது என்று அம்மாவின் எதிர்மனு.

உத்தரவில் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்

"உளவியல் பரிசோதனை செய்யவும்" என்பது ஒரு கேள்வியே இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இருவருக்கும் நாலு டெஸ்ட் வைத்து, "மனநலம் சீராக உள்ளது" என்று எழுதிக் கொடுத்தால் நீதிபதிக்கு அதில் ஒரு பயனும் இல்லை. நான் உடனே நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதுவேன். இன்னின்ன கேள்விகளுக்குத்தான் பதில் தேடப்போகிறேன், கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அறிவிக்கவும் என்று. இந்த வழக்கில் மூன்று கேள்விகள்: இந்தக் குழந்தைக்கு இந்த வயதில் குறிப்பாக என்ன தேவை? அதை ஒவ்வொருவரும் எந்த அளவு தரமுடிகிறது, எங்கே தடுக்கிறது, அந்தத் தடை சரிசெய்யக் கூடியதா? குழந்தை அப்பாவிடம் போக மறுப்பதற்குக் காரணம் என்ன? கடிதத்தின் நகல் இரு தரப்பு வக்கீலுக்கும் போக வேண்டும்.

சட்டத்தில் நமக்கு எங்கே இடம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984-இன் 12-ஆம் பிரிவு, மருத்துவ, நல வல்லுநர்களின் உதவியை நாட நீதிமன்றத்துக்கு வழிசெய்கிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும் சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்பது இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் 6-ஆம் பிரிவில் வருகிறது. நம் குழந்தைக்கு ஏழு வயது, அதனால் அந்தத் தொடக்கச் சாய்வுகூட இங்கே இல்லை. 13-ஆம் பிரிவு சொல்லும் குழந்தையின் நலன் ஒன்றுதான் அளவுகோல்.

ஒரு தரப்பு மட்டும் நேரில் வந்து, "மேடம், அவளுக்கு மனநோய்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்று கேட்டால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். நேரில் பார்க்காதவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது. அதேபோல அந்தக் குடும்பத்தில் யாருக்காவது நீங்கள் ஏற்கெனவே சிகிச்சை தந்திருந்தால் இந்த வேலையை ஏற்காதீர்கள். சிகிச்சை தருகிறவர் நோயாளியின் பக்கம் நிற்கிறவர். அறிக்கை எழுதுகிறவர் யார் பக்கமும் நிற்க முடியாதவர். கட்டணத்தை நீதிமன்றமே முடிவு செய்து இருவரும் பாதிப் பாதியாக முன்கூட்டியே கட்டச் சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் மட்டும் பணம் கொடுத்தால், குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ரகசியம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

முதல் சந்திப்பின் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான். நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை; நீங்கள் சொல்வது அறிக்கையில் வரலாம்; அதை நீதிபதியும் எதிர்த்தரப்பும் படிப்பார்கள்; எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொள்வேன். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் வரவே மறுத்தால், வரவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு என்ன பொருள் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். சாரதா – தர்மபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அந்த அதிகாரத்தைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

குழந்தைக்கும் அதன் மொழியில் சொல்ல வேண்டும். "நீ சொல்றத ஜட்ஜ் சாருக்கு நான் சொல்வேன். எங்க இருக்கணும்னு நீ முடிவு பண்ண வேண்டாம், நானும் முடிவு பண்ண மாட்டேன். அது பெரியவங்க வேலை" என்பேன். இதைக் கேட்டதும் தோளைத் தளர்த்தி உட்காரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

மனுவிலிருந்து விளக்கங்களுக்கு

மனு, எதிர்மனு, பிரமாண வாக்குமூலம் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் குற்றச்சாட்டு. வலப்பக்கம், அது உண்மையென்றால் குழந்தையின் அன்றாடத்தில் எது மாறியிருக்கும் என்பது. "அவளுக்கு மனநோய்" என்பதற்கு எதிரே நான் எழுதியது: காலையில் எழுந்து குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடிகிறதா, சாப்பாடு, தடுப்பூசி, வீட்டுப்பாடம், குழந்தை அழும்போது தாங்க முடிகிறதா. "குடிப்பார்" என்பதற்கு எதிரே: குழந்தை இருக்கும் சனி இரவுகளில் குடித்தாரா, வேறு யார் வீட்டில் இருந்தார்கள், குழந்தை என்ன பார்த்தது. நோயும் பழக்கமும் தம்மளவில் பெற்றோர் திறனைச் சொல்லிவிடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-கூட, ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது என்றுதான் சொல்கிறது.

அடுத்து, குழந்தை போக மறுப்பதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று யாரையும் பார்ப்பதற்கு முன்பே எழுதிக்கொண்டேன். ஒன்று, அப்பா வீட்டில் ஏதோ கெட்டது நடக்கிறது. இரண்டு, அம்மா சொல்லிக்கொடுக்கிறார். மூன்று, அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக குழந்தை பயப்படுகிறது. நான்கு, போகும் வழியோ ஒப்படைக்கும் விதமோ பிடிக்கவில்லை. இந்த நான்காவதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். வக்கீல்கள் மனுவில் எழுதுவது முதல் இரண்டு மட்டும்தான், நாமும் அந்த இரண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறோம்.

பெற்றோரிடம் பேசும்போது

ஒவ்வொருவரிடமும் குறைந்தது இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம். இருவருக்கும் ஒரே அளவு நேரம். யாருக்கு எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் கேட்பார்கள்.

"நீங்க நல்ல அப்பாவா?" என்கிற மாதிரிக் கேள்விகளால் பிரயோசனம் இல்லை. "கடைசியா பாப்பா உங்களோட இருந்த ஞாயித்துக்கிழமை, எழுந்ததுலருந்து சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். அப்பா சொன்னார்: "எழுந்துச்சுங்க. எங்கம்மா எதோ குடுத்தாங்க. நான் பட்டறையில இருந்தேங்க. மத்தியானம் பிரியாணி வாங்கியாந்தேன்." குழந்தை என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், பள்ளியில் யார் சிநேகிதி என்ற மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. இதைத் தாளில் குறிப்பேன், ஆனால் உடனே குற்றமாக எடுக்க மாட்டேன். அவர் இந்த வேலையைச் செய்ததில்லை என்பது வேறு, செய்ய முடியாதவர் என்பது வேறு.

அம்மா எல்லாவற்றையும் நுணுக்கமாகச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனச்சோர்வு வந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார், தினமும் ஒரு மாத்திரை. அதையும் மறைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டதும் அழுதார். "அவ இல்லாத வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க மேடம். அவகிட்டயும் சொல்லியிருக்கேன், நீ இல்லைன்னா அம்மாவுக்கு யாருமில்லைன்னு." இதைச் சொன்ன வாக்கியத்திலேயே மூன்றாவது விளக்கத்துக்குச் சான்று இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அப்புறம் இருவரிடமும் தனித்தனியாக, நடந்த சனிக்கிழமைகளுக்கு ஒரு தேதிப் பட்டியல் போடச் சொன்னேன். வாட்ஸாப் செய்திகளைத் தேதியோடு காட்டினார்கள். குழந்தை அப்பாவிடம் போன அந்த ஐந்து வாரத்திலும் "வாந்தி எடுத்துட்டா, டிரஸ் மாத்தி விடுங்க" என்று அம்மா அனுப்பிய செய்தி இருந்தது. இருவர் கண்ணிலும் அது பட்டதுதான், யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

குழந்தையிடம் பேசும்போது

இரண்டு தடவை பார்க்கிறேன். ஒரு தடவை அம்மா கூட்டி வரவேண்டும், இன்னொரு தடவை அப்பா. கூட்டி வருகிறவருக்கு ஏற்ப பேச்சு மாறுகிறதா என்று பார்க்க அதுதான் வழி. கூட்டி வந்தவர் வெளியே, காது கேட்காத தூரத்தில் இருக்கவேண்டும்.

"உனக்கு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா?" என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் 1890-இன் 17-ஆம் பிரிவு, விவரம் புரிந்து விருப்பம் சொல்லும் வயது என்றால் அதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறதே தவிர, நம்மைக் கேட்கச் சொல்லவில்லை. ஏழு வயதுக் குழந்தை விருப்பத்தைச் சொல்லும். அதைச் சொன்ன குற்றத்தையும் வீட்டுக்குச் சுமந்து போகும்.

திறந்த கேள்வியில் தொடங்கி, அதன் சொல்லையே பிடித்துக்கொண்டு போகவேண்டும். "சனிக்கிழமை பத்திச் சொல்லு" என்றேன். "அப்பா கெட்டவரு" என்றாள். "கெட்டவருன்னா?" "குடிச்சிட்டு வந்து வன்முறை பண்ணுவாரு." ஏழு வயதுக் குழந்தையின் வாயில் 'வன்முறை' என்ற சொல். "நீ பாத்தது ஒண்ணு சொல்லு" என்றேன். எதுவும் வரவில்லை, அதே வாக்கியம் மறுபடியும் வந்தது. இரவல் வாக்கியத்தின் அடையாளம் இதுதான்: பெரியவர்களின் சொல், ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, மேலே கேட்டால் இடமோ வாசனையோ அடுத்து நடந்ததோ எதுவும் கிடையாது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் பல தடவை கேட்டுக் கேட்டே, உண்மையில் நடந்ததும்கூட மனப்பாடமாக இறுகிவிடும். அதனால் இரவல் வாக்கியம் கிடைத்ததை வைத்து "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுத முடியாது. வாக்கியம் எங்கிருந்தோ வந்தது என்று மட்டுமே எழுத முடியும்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் அவள் குரலே மாறியது. "வளைவு போர்டுல பத்துன்னு வரும்போது வாயில புளிக்கும். அம்மா கவர் குடுப்பாங்க. ஒரு தடவை பக்கத்துல இருந்த ஆயா மேல பட்டுடுச்சு, அவங்க திட்டுனாங்க. இறங்குனா அப்பா நிக்கிறாரு, என் டிரஸ்ல நாத்தம்." சுவை, நாற்றம், வெட்கம் எல்லாம் அதில் இருந்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. இந்த வயதில் பயண வாந்தி சாதாரணம். நாற்றமடிக்கும் உடையோடு அப்பா முன்னால் இறங்குவதுதான் அவளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தது.

இரண்டாவது சந்திப்புக்கு அப்பா கூட்டி வந்தார். அன்று இன்னொன்று வெளியே வந்தது. "அப்பத்தா சொல்லுச்சு, எங்கம்மாவுக்குப் பைத்தியம்னு. ராத்திரி சொல்லுச்சு. நான் போர்வைய மூடிக்கிட்டேன்."

அவள் வரைந்த குடும்பப் படத்தில் அப்பா ஓரத்தில், குட்டியாக இருந்தார். மனம் உடனே ஒரு கதை கட்டும். கேட்டேன். "தாள் தீந்துடுச்சு மிஸ்" என்றாள். படம் பேச்சைத் தொடங்க உதவும் ஒரு கருவி. அதை வைத்து முடிவு எழுதினால் வக்கீல் கிழித்துவிடுவார், கிழிக்கவும் வேண்டும்.

பாலியல் தொல்லை பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னால் இந்த முறையெல்லாம் அங்கேயே நின்றுவிட வேண்டும். தோண்டித் துருவாதீர்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அறிக்கை முடியட்டும் என்று காத்திருப்பது குற்றம்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது

இரண்டு வீட்டுக்கும், ஒரே நீளம். நான் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். வெறுமனே உட்கார்ந்து பார்த்தால் எல்லோரும் நடிப்பார்கள். அதனால் மூன்று வேலை கொடுப்பேன்: குழந்தைக்கு ஒரு தின்பண்டம் கொடுங்கள், ஒரு கணக்கோ பாடமோ சேர்ந்து செய்யுங்கள், விளையாடியதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதில்தான் முட்டல் வரும். முட்டல் வந்தபிறகு பெரியவர் அதைச் சரிக்கட்டுகிறாரா என்பதுதான் நான் பார்க்க வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில், கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை ஓரத்தில் மூடி இல்லாத ஆசிட் ஜாடி, எரிவாயு உருளை. படிக்கட்டுக்குக் கதவு இல்லை. அம்மா சொன்னது இந்த விஷயத்தில் சரி. மேலே, அப்பா தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தார், அவளுக்குக் காரம் ஆகாது என்று தெரியாமல். அவள் முகத்தைச் சுளித்ததும் அவரே சட்னியை வழித்துவிட்டுக் கொடுத்தார். கணக்கில் அவள் தடுமாறியபோது குரலை உயர்த்தவில்லை. கொலுசு முத்துக்களைக் கொட்டி எண்ணச் சொன்னார். போன் ஏழு தடவை அடித்தது, ஐந்து தடவை எடுத்துப் பேசினார். விளையாட்டுச் சாமானை எடுத்து வை என்றதும் அவள் அழ ஆரம்பித்தாள். அவர் ஒரு நிமிடம் திகைத்து நின்றார், பிறகு "நீ ரெண்டு எடு, நான் ரெண்டு எடுக்கிறேன்" என்றார். பழகாத கை, ஆனால் கற்றுக்கொள்கிற கை.

ஏற்காட்டு வீடு சுத்தம், நேரம் தவறாத சாப்பாடு, புத்தகப்பை ஒழுங்கு. பாடம் சொல்லிக்கொடுப்பது அழகு. சாமானை எடுத்து வை என்றதும் இங்கேயும் குழந்தை அழுதாள். அம்மாவும் கூடவே அழுதார். குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று பாருங்கள். மாத்திரை சாப்பிடுவதைவிட இந்த ஒரு நிமிடம்தான் அறிக்கைக்கு முக்கியம்.

மற்றவர்களும் தாள்களும்

சொந்தக்காரர்கள் பக்கம் பார்த்தே பேசுவார்கள். வகுப்பாசிரியர், குழந்தை மருத்துவர், சிகிச்சை தரும் மனநல மருத்துவர் ஆகியோர்தான் அதிகம் உதவுவார்கள். எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கிக்கொண்டு பேசுங்கள். பருவத்தில் மூன்றே நாள் விடுப்பு, மூன்றும் காய்ச்சலுக்கு என்று வருகைப் பதிவேடு சொன்னது. தடுப்பூசி அட்டை முழுமையாக இருந்தது. இரண்டு வருடமாக நிலை சீர், மருந்து தவறவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் தற்செயலாகச் சொன்ன ஒரு விஷயம்தான் பெரிய உதவி: குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோதும் இவள் இறங்கும் வழியில் வாந்தி எடுத்திருக்கிறாள். அங்கே அப்பா இல்லை.

இன்னொரு சான்று அப்பாவின் போனில் இருந்தது. குழந்தை போக மறுத்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மேலே வந்திருக்கிறார். ஏற்காட்டு ஏரியில் படகில் இருவரும் சிரிக்கும் படங்கள், தேதியோடு. மூன்று மணி நேரம் அவரோடு இருந்திருக்கிறாள். இரவு தங்கக் கூப்பிட்டதும் மறுத்திருக்கிறாள். அப்பாவைக் கண்டு பயப்படும் குழந்தை இப்படி இருக்காது.

டெஸ்ட்டுகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்று அளக்கும் டெஸ்ட் எதுவும் இல்லை. ஆளுமைக் கேள்வித்தாள்களில் கஸ்டடி வழக்குக்காரர்கள் தங்களைக் குறையில்லாதவர்களாகக் காட்டிக்கொள்வது உலகெங்கும் பார்த்ததுதான். அதனால் அப்படிக் காட்டிக்கொள்வதைப் பிடிக்கும் அளவைகள் உயர்ந்துவிடும், மற்ற மதிப்பெண்களை நம்புவது கடினம். குடிப்பழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் உண்டு, 8-உம் அதற்கு மேலும் வந்தால் கவலைப்படவேண்டும். அப்பாவுக்கு 3 வந்தது. வழக்கில் இருக்கிறவர் தானே நிரப்பியது அது. அறிக்கையில் அந்த எண்ணுக்கு ஒரு வரி, பட்டறை ஆட்களும் எதிர்வீட்டுக்காரரும் சொன்னதற்கு ஒரு பத்தி. வாரநாளில் எப்போதாவது உண்டு, குழந்தை வந்த சனிக்கிழமைகளில் இல்லை என்பதுதான் எல்லோர் பேச்சிலும் ஒத்துவந்தது.

எழுதும்போது

பார்த்தது, கேட்டது, நான் ஊகிப்பது என மூன்றையும் தனித்தனிப் பகுதியாக வைக்கிறேன். ஊகம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடத்துச் சான்று இருக்கவேண்டும். ஒரே இடத்துச் சான்று என்றால் அப்படியே சொல்லிவிட வேண்டும். நான்கு விளக்கங்களையும் அறிக்கையிலேயே வரிசையாக எழுதி, எதற்கு என்ன சான்று, எதற்கு எதிராக என்ன சான்று என்று காட்டினேன்.

அப்பா வீட்டில் தீங்கு என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் பட்டறை ஆபத்து உண்மை, அப்பத்தாவின் பேச்சு உண்மை. சொல்லிக்கொடுத்தல் என்பதற்கு ஒரு இரவல் வாக்கியம் உண்டு. ஆனால் அதே அம்மாதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஏரிக்கு அனுப்பினார். திட்டமிட்டுப் பிரிப்பவர் அதைச் செய்யமாட்டார். இங்கே அப்பாவின் வக்கீல் 'பெற்றோர் அந்நியமாக்கல்' என்ற சொல்லை எதிர்பார்த்தார். விவேக் சிங் – ரோமானி சிங் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றமே அதைப் பயன்படுத்தியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது நோய்ப் பட்டியலில் உள்ள நோய் அல்ல. அந்தப் பெயரை ஒட்டிவிட்டால் மற்ற மூன்று விளக்கங்களையும் யாரும் படிக்கமாட்டார்கள். நான் எழுதவில்லை. அம்மாவைத் தனியே விடுவது பற்றிய கவலைக்கும், பயணத்துக்கும்தான் வெவ்வேறு இடங்களிலிருந்து சான்று குவிந்தது.

பரிந்துரை, சான்று போகும் தூரம்வரை மட்டுமே போகவேண்டும். "கஸ்டடி தாயிடம்" என்று எழுதுவது நம் வேலை இல்லை. நான் எழுதியது: இருவருக்கும் அடிப்படைத் திறன் இருக்கிறது, இருவருக்கும் சரிசெய்யக்கூடிய ஒரு குறை இருக்கிறது. முதல் எட்டு வாரம் அப்பா ஏற்காட்டுக்கு வந்து பகலில் மட்டும் குழந்தையோடு இருக்கலாம், போனை அணைத்துவிட்டு. அதற்குள் பட்டறைப் படிக்கட்டுக்குக் கதவு, ஆசிட்டுக்குப் பூட்டு. அப்பத்தா குழந்தை முன்னால் தாயைப் பற்றிப் பேசக்கூடாது, அதற்கு அப்பா பொறுப்பு. அம்மா சிகிச்சையைத் தொடரவேண்டும். சனிக்கிழமைகளில் தனக்கென்று ஒரு பெரியவர் துணையை ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். குழந்தையிடம் "உன்னை விட்டா யாருமில்லை" என்று சொல்லக்கூடாது. பிறகு இரவுத் தங்கல்; பயணம் பஸ்ஸில் வேண்டாம், காரின் முன்பக்கம் பார்த்து உட்காரும் இடத்தில், வயிறு நிறையச் சாப்பிடாமல், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி. வாந்தி மாத்திரை வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு வீட்டில் ஒப்படைப்பு, மாற்று உடை பையில்.

நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் பயண வாந்தி பற்றி அரைப் பக்கம் இருந்ததைப் பார்த்து என் மாணவி சிரித்தாள். அந்த அரைப் பக்கத்தைத்தான் நீதிபதி உத்தரவில் அப்படியே எடுத்தார்.

சாட்சிக் கூண்டில்

எல்லாக் குறிப்புகளையும் கொண்டுபோங்கள். கையால் எழுதிய அசலை, நகல் அல்ல. நான் அங்கே நாற்பது நிமிடம் நின்றேன். அப்பாவின் வக்கீல், "மனச்சோர்வு உள்ளவரிடம் குழந்தையை விடலாம் என்கிறீர்களா?" என்று கேட்டார். எங்கே விடலாம் என்று நான் சொல்லவில்லை, அவருடைய மனச்சோர்வு எந்தெந்த வேலையைத் தடுக்கவில்லை, எந்த ஒன்றைத் தடுத்தது என்பதை 9-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். அம்மாவின் வக்கீல், "அப்பாவுக்குக் குழந்தையின் சிநேகிதி பெயர்கூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே?" என்றார். ஆமாம், அன்று தெரியவில்லை என்றேன். "இப்போது?" இப்போது எனக்குத் தெரியாது, அவரை நான் கடைசியாகப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லிவிட்டேன்.

எட்டு வாரம் கழித்து நீதிமன்றம் ஒரு துணை அறிக்கை கேட்டது. ஒன்றரைப் பக்கம். எட்டில் ஏழு வாரம் அப்பா மேலே வந்திருந்தார். படிக்கட்டுக்கு இரும்புக் கதவு போட்டிருந்தார், ஆசிட்டை இன்னும் பூட்டவில்லை. கீழே இறங்கிய முதல் சனிக்கிழமை காரில் ஒரு தடவை வாந்தி. அன்று இரவு அவள் தங்கினாள்.